வார்டில் ஒரு புது வழக்கத்தைக் கொண்டுவருவது: தலைமைத்துவ அசைன்மென்டில் லெவின் மாதிரியை எப்படிப் பயன்படுத்துவது

பிரிட்டனில் நர்சிங் படிக்கும் நம்மவர்களுக்கு, அதிலும் ஊரில் டிப்ளமோ முடித்து இங்கே வந்து வேலை பார்த்துக்கொண்டே பட்டத்தை முடிப்பவர்களுக்கு, கடைசி வருடத்தில் ஒரு தலைமைத்துவ அசைன்மென்ட் வரும். கேள்வி ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும்: நீங்கள் வேலை செய்யும் வார்டில் ஒரு புது நடைமுறையைக் கொண்டுவரத் திட்டமிடுங்கள், அதற்கு ஒரு மாற்ற மேலாண்மை மாதிரியைப் பயன்படுத்துங்கள், உங்கள் தலைமைப் பங்கை விமர்சன நோக்கில் ஆராயுங்கள், 3000 சொற்கள்.

ஜூனியர்கள் அனுப்பும் வரைவுகளைச் சில வருடங்களாகப் படித்துக் கொடுத்து வருகிறேன். பெரும்பாலான வரைவுகளில் ஒரே இடம்தான் பலவீனமாக இருக்கிறது. மாதிரியை அழகாக விளக்கிவிடுவார்கள், தன் யோசனை எவ்வளவு நல்லது என்று நாலு பக்கம் எழுதிவிடுவார்கள், ஆனால் வார்டில் அதை வேண்டாம் என்று சொல்பவர்கள் ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்பதற்கு ஒரே ஒரு வரி: "சில ஊழியர்கள் மாற்றத்தை எதிர்ப்பார்கள், அவர்களுக்குப் பயிற்சி அளிக்கப்படும்." மதிப்பெண் போவது அந்த வரியில்தான். நிஜ வார்டில் மாற்றம் விழுந்துபோவதும் அங்கேதான். அதனால் இந்த வழிகாட்டியில் மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, அந்த எதிர்ப்பை எப்படிப் படிப்பது, எப்படித் திட்டத்துக்குள் கொண்டுவருவது என்பதில் அதிக நேரம் செலவழிக்கப்போகிறேன்.

உதாரணத்துக்கு ஒரே ஒரு மாற்றத்தை எடுத்துக்கொள்வோம். 28 படுக்கை உள்ள ஒரு பொது மருத்துவ வார்டு, சில படுக்கைகள் சேர்ந்த "பே" என்ற பகுதிகளாகப் பிரிந்தது. ஷிப்ட் மாறும்போது எல்லா நர்ஸ்களும் ஆபீஸ் அறையில் உட்கார்ந்து ஹேண்டோவர் கேட்கிறார்கள். அதைப் படுக்கைப் பக்கத்துக்கு மாற்ற வேண்டும், அதாவது போகிற நர்ஸும் வருகிற நர்ஸும் சேர்ந்து ஒவ்வொரு நோயாளியின் பக்கத்திலும் நின்று, அவரையும் பேச்சில் சேர்த்துக்கொண்டு பொறுப்பை மாற்றிக்கொள்ள வேண்டும். (இந்த வார்டும் கீழே வரும் எண்களும் விளக்கத்துக்காக நான் அமைத்தவை, உங்கள் அசைன்மென்டில் உங்கள் வார்டின் எண்கள்தான் இருக்க வேண்டும்.)

முதலில் பிரச்சினை, அப்புறம்தான் மாதிரி

நிறையப் பேர் "நான் கோட்டரை எடுக்கட்டுமா, லெவினை எடுக்கட்டுமா" என்று ஆரம்பிப்பார்கள். அது பின்னால் வரவேண்டிய கேள்வி. முதலில், வார்டில் என்ன தப்பாகிறது என்பதை உங்களால் காட்ட முடிகிறதா என்று பாருங்கள்.

ஊரில் வேலை பார்த்த பலருக்கும் "ஓவர் கொடுப்பது" என்றால் கட்டில் கட்டிலாகப் போவதுதான், அதனால் இங்கே ஆபீஸில் உட்கார்ந்து கேட்பதைப் பார்த்ததும் இது சரியில்லை என்று தோன்றிவிடும். அந்தத் தோன்றல் நல்ல தொடக்கம், ஆனால் "என் முந்தைய மருத்துவமனையில் இப்படித்தான் செய்தோம்" என்பது அசைன்மென்டில் ஆதாரமாக நிற்காது. வார்டு மேனேஜரிடம் அனுமதி கேட்டுவிட்டு ஒரு வாரத்தில் பத்து ஹேண்டோவர்களைக் கவனியுங்கள். ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம் எடுத்தது, எந்தத் தகவல் விடுபட்டது என்ற இரண்டை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். எது விடுபட்டது என்று பார்க்க ஒரு சின்னப் பட்டியல் போதும்: அலர்ஜி, விழும் அபாயம், நோயாளியின் நிலை மோசமாகிறதா என்று காட்டும் கடைசி நியூஸ் 2 மதிப்பெண், டிரிப் எப்போது முடிகிறது, டிஸ்சார்ஜ் திட்டம். நோயாளியின் பெயரோ எண்ணோ எதுவும் அந்தத் தாளில் வரக்கூடாது. சில மருத்துவமனைகளில் இந்த அளவுக்கு என்றாலும் தணிக்கைப் பிரிவில் பதிவு செய்யச் சொல்வார்கள், கேட்டுவிடுங்கள். உங்கள் அசைன்மென்ட் வெறும் திட்டம் மட்டும் என்றால், அதாவது எதையும் நிஜமாகச் செய்யக் கூடாது என்று இருந்தால், இந்தக் கணக்கெடுப்பைக்கூட "செய்வேன்" என்று எதிர்காலத்தில்தான் எழுத வேண்டும். கேள்வித்தாளை இரண்டு முறை படித்து இதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

நம் உதாரண வார்டில் பத்து ஹேண்டோவர்களின் சராசரி 34 நிமிடம், அந்தப் பத்தில் ஏழு ஹேண்டோவர்களில் ஒரு முக்கியத் தகவலாவது விடுபட்டிருந்தது என்று வைத்துக்கொள்வோம். போகிற நர்ஸ் ஷிப்ட் முடிந்து இருபது நிமிடம் கழித்துத்தான் வீட்டுக்குக் கிளம்ப முடிகிறது. இந்தத் தகவல்கள் கடைசிவரை கூடவே வரும்.

இலக்கியத் தேடலுக்கு, நூலகத் தரவுத்தளத்தில் இப்படி ஒரு வரி போட்டால் தொடங்கப் போதும்:

```
"bedside handover" AND nurs* AND (patient* OR safety)
```

ஆஸ்திரேலியாவிலிருந்து நிறையக் கட்டுரைகள் வரும். அப்புறம் 2014இல் வெளியான ஒரு காக்ரேன் மதிப்பாய்வும் கிடைக்கும், நர்சிங் ஹேண்டோவரின் வெவ்வேறு முறைகளில் எது சிறந்தது என்று தேடிய மதிப்பாய்வு அது. அவர்கள் வைத்த தகுதிகளுக்குப் பொருந்தும் ஓர் ஆய்வுகூடக் கிடைக்கவில்லை என்பதுதான் அதன் முடிவு. இதைப் பார்த்ததும் பயந்து ஒதுக்கிவிடாதீர்கள். "படுக்கைப் பக்க ஹேண்டோவர் சிறந்தது என்று நிரூபிக்கப்பட்டுள்ளது" என்று எழுதுவதைவிட, "உயர்தர ஆதாரம் குறைவு, இருப்பவை பெரும்பாலும் ஒரு வார்டு அல்லது ஒரு மருத்துவமனை அளவிலான முன்-பின் ஒப்பீடுகளும் நேர்காணல்களும், அதனால்தான் ஒரே பேயில் சின்ன அளவில் முயன்று பார்க்கத் திட்டமிடுகிறேன்" என்று எழுதுவது விமர்சன நோக்கு என்று அவர்கள் கேட்பதற்கு நேரான பதில்.

மாதிரியைத் தேர்ந்தெடுப்பது

இதற்கு 350 சொற்களுக்கு மேல் செலவழிக்காதீர்கள்.

ஜான் கோட்டரின் எட்டு படிகள் 1995இல் ஒரு வணிக மேலாண்மை இதழில் வந்தவை, பெரிய நிறுவனங்கள் தங்களை மாற்றிக்கொள்ள முயன்று தோற்ற அனுபவங்களிலிருந்து எழுதப்பட்டவை. மேலிருந்து ஒரு வழிநடத்தும் கூட்டணி, தொலைநோக்கு, அதைப் பரப்புவது என்று போகும். ஒரு மருத்துவமனை முழுக்க மின்னணுப் பதிவேட்டைக் கொண்டுவருகிறீர்கள் என்றால் அது பொருந்தும். முப்பது நாற்பது பேர் வேலை செய்யும் ஒரு வார்டில், பதவி எதுவும் இல்லாத ஒரு நர்ஸ் அதைப் பின்பற்றினால் பாதிப் படிகளுக்கு எழுத ஒன்றும் இருக்காது.

கர்ட் லெவினின் மூன்று படிகள் உறைந்ததை இளக்குவது, நகர்த்துவது, மறுபடி உறையவைப்பது. 1947இல், அவர் இறந்த அதே வருடம், வெளியான கட்டுரையில் இது வருகிறது. ஆனால் இன்று பாடப்புத்தகங்களில் இருக்கும் பளபளப்பான மூன்று பெட்டிப் படம் அவர் வரைந்தது இல்லை. 2016இல் கம்மிங்ஸ், பிரிட்ஜ்மன், பிரவுன் என்ற மூவர் எழுதிய கட்டுரை, இந்த மாதிரி லெவின் இறந்த பிறகு மற்றவர்கள் கையில் உருவம் பெற்றது என்று வாதிடுகிறது. உங்கள் மாதிரியின் வரலாற்றை நீங்களே தேடிப் படித்திருக்கிறீர்கள் என்று காட்ட இந்த ஒரு வரி போதும்.

லெவினை எடுக்க எனக்கு இருக்கும் முக்கியக் காரணம் அந்த மூன்று சொற்கள் அல்ல, அவருடைய விசைப்புலப் பகுப்பாய்வு. ஒரு வழக்கம் அப்படியே நிற்கிறது என்றால் அதைத் தள்ளும் விசைகளும் தடுக்கும் விசைகளும் சமமாக இருக்கின்றன என்று பொருள். அதை நகர்த்த இரண்டு வழி உண்டு, தள்ளுவதைக் கூட்டலாம் அல்லது தடுப்பதைக் குறைக்கலாம். தள்ளுவதைக் கூட்டினாலும் நகரும், ஆனால் உள்ளே இறுக்கம் ஏறும், கை எடுத்ததும் பழைய இடத்துக்கே திரும்பும். தடுப்பதைக் குறைத்தால் குறைந்த இறுக்கத்தோடு நகரும். மீதி அசைன்மென்ட் முழுவதையும் இந்த ஒரு கருத்தின் மேல் கட்டலாம்.

விசைகளை எழுதி, எண் போடுவது

இதை நீங்கள் தனியாக உட்கார்ந்து செய்யாதீர்கள், செய்தால் உங்கள் விருப்பம்தான் எண்ணாக வரும். ஆறு பேரைப் பிடியுங்கள்: பகல் ஷிப்ட் நர்ஸ் இருவர், இரவு ஷிப்ட் நர்ஸ் ஒருவர், ஹெல்த்கேர் அசிஸ்டென்ட் இருவர், வார்டு சிஸ்டர். கட்டாயம் ஒருவராவது இந்த யோசனை பிடிக்காதவராக இருக்க வேண்டும். ஒவ்வொரு விசையும் எவ்வளவு வலுவானது என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக 1 முதல் 5 வரை எண் போடட்டும், பிறகு நடு எண்ணை எடுங்கள்.

நம் வார்டில் தள்ளும் விசைகள்: தகவல் விடுபடுவது 4, நோயாளிகள் தங்களைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள விரும்புவது 3, சிஸ்டரின் ஆதரவு 4, தாமதமாக வீட்டுக்குப் போகும் எரிச்சல் 3. மொத்தம் 14.

தடுக்கும் விசைகள்: ஆறு படுக்கை உள்ள பேயில் திரை மட்டுமே இருக்கும்போது அந்தரங்கம் கெடும் என்ற பயம் 5, நோயாளிகள் இடையில் பேசி நேரம் இழுக்கும் என்ற பயம் 4, பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு உட்காரக் கிடைக்கும் ஒரே இடம் ஹேண்டோவர் அறை என்பது 3, ஹெல்த்கேர் அசிஸ்டென்ட்கள் இதில் எங்கே நிற்பது என்று யாருக்கும் தெரியாதது 2. இதுவும் 14.

எண்கள் இவ்வளவு கச்சிதமாக உங்களுக்கு வராது, வரவும் வேண்டாம். இவை அளவீடு இல்லை, ஆறு பேரின் கருத்து, அதையும் அசைன்மென்டில் எழுதிவிடுங்கள்.

இப்போது பெரும்பாலான வரைவுகள் செய்வதைச் செய்து பார்ப்போம். மேட்ரனிடமிருந்து எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல், அடுத்த திங்கள் முதல் ஹேண்டோவர் படுக்கைப் பக்கத்தில்தான். தள்ளும் பக்கம் 5 கூடியது, 19 ஆனது. வார்டு நகரும். ஆனால் அந்தரங்கம் பற்றிய பயம் அப்படியே 5இல் நிற்கிறது, கேட்காமல் செய்துவிட்டார்கள் என்ற கோபம் புதிதாக ஒரு 3 சேர்கிறது. மேட்ரன் விடுமுறைக்குப் போன வாரம் எல்லோரும் மறுபடி ஆபீஸில் உட்கார்ந்திருப்பார்கள்.

இளக்குவது: வேண்டாம் என்பவரிடம் போய்க் கேட்பது

இந்தப் பகுதிக்கு லெவினே ஒரு நல்ல சான்று விட்டுச் சென்றிருக்கிறார், ஆனால் அசைன்மென்ட்களில் அதை அபூர்வமாகத்தான் பார்க்கிறேன். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்காவில் இறைச்சித் தட்டுப்பாடு வந்தபோது, வீட்டுப் பெண்களை மாட்டின் இதயம், சிறுநீரகம் போன்ற உறுப்பிறைச்சிகளைச் சமைக்க வைப்பது எப்படி என்று அயோவாவில் அவரும் அவர் குழுவினரும் பரிசோதித்தார்கள். சில குழுக்களுக்கு நல்ல சொற்பொழிவு, செய்முறைக் குறிப்புகளோடு. மற்றக் குழுக்களுக்கு, எங்களைப் போன்ற குடும்பங்களில் இதைச் சமைக்க என்ன தடை என்று அவர்களே பேசி, கடைசியில் கை தூக்கி முடிவெடுக்கும் கலந்துரையாடல். சொற்பொழிவு கேட்டவர்களில் 3 சதவீதம் பேர்தான் பிறகு சமைத்தார்கள், பேசி முடிவெடுத்தவர்களில் 32 சதவீதம். சின்ன ஆய்வுதான், இரண்டு குழுக்களும் எல்லா வகையிலும் ஒரே மாதிரி நடத்தப்படவில்லை என்ற குறையும் உண்டு. இருந்தாலும் "ஊழியர்களுக்குப் பவர்பாயின்ட் பயிற்சி" என்று எழுதும் முன் இதை நினைத்துப் பாருங்கள்.

நம் வார்டில் மிகக் கடுமையாக எதிர்ப்பவர் இருபது வருட அனுபவம் உள்ள இரவு நர்ஸ் என்று வைத்துக்கொள்வோம். வரைவுகளில் இவரை, புதுமைகள் மக்களிடையே எப்படிப் பரவுகின்றன என்று சொல்லும் ரோஜர்ஸின் பரவல் கோட்பாட்டில் வரும் "பின்தங்குவோர்" என்ற 16 சதவீதத்தில் போட்டு மூடிவிடுவார்கள். அந்த 16 என்பது ஒரு வளைவைக் கூறுபோட்டு வந்த எண், உங்கள் வார்டில் இருக்கும் மனிதரைப் பற்றி அது எதுவும் சொல்லாது. அவரிடம் போய், இரவு இரண்டு மணிக்கு வார்டு கொஞ்சம் அடங்கிய நேரத்தில், "இதைச் செய்தால் என்ன கெட்டுப்போகும் என்று நினைக்கிறீர்கள்" என்று கேளுங்கள். முன்பு வேறு வார்டில் புற்றுநோய் என்று நோயாளிக்கே இன்னும் சொல்லாத நிலையில், பக்கத்துப் படுக்கைக்குக் கேட்கும்படி யாரோ சொல்லிவிட்டார்கள், அன்றைக்கு அந்தக் குடும்பத்தின் முன் நின்றது நான்தான் என்று சொல்வார். அவருடைய எதிர்ப்பு பழக்கத்தின் மேல் உள்ள பிடிவாதம் இல்லை, உங்கள் திட்டத்தில் இருக்கும் ஓட்டையை அவர் முன்பே பார்த்திருக்கிறார். இதைச் சரிசெய்யாமல் தொடங்கினால் நோயாளிக்குத் தீங்கு நடக்கும்.

அதனால் திட்டம் மாறுகிறது. ஹேண்டோவர் இரண்டு பகுதியாகிறது: முதல் ஐந்து நிமிடம் ஆபீஸில், உட்கார்ந்து, எல்லோரும். வார்டு முழுக்கத் தெரிய வேண்டிய ஆபத்துகள், பிறர் காதில் விழக்கூடாத தகவல்கள், குடும்பச் சிக்கல்கள், இன்னும் நோயாளியிடம் சொல்லப்படாத நோயறிதல்கள். பிறகு தங்கள் தங்கள் பேயில், படுக்கைப் பக்கத்தில், அந்த நர்ஸ்கள் இருவரும் அங்கே வேலை செய்யும் ஹெல்த்கேர் அசிஸ்டென்டும் மட்டும். இந்த ஒரே மாற்றம் தடுக்கும் விசைகளில் மூன்றைத் தொடுகிறது: அந்தரங்கப் பயம் 5இலிருந்து 2, உட்காரும் இடம் முழுதாகப் போகவில்லை என்பதால் 3இலிருந்து 2, அசிஸ்டென்ட்களுக்கு இடம் கிடைத்ததால் 2இலிருந்து 0.

உட்காருவதை அற்பமாக நினைத்துவிடாதீர்கள். ஆபீஸ் ஹேண்டோவரில் தகவல் மட்டும் மாறுவதில்லை. நாள் முழுக்கப் பட்டதை நாலு பேரிடம் சொல்லி இறக்கிவைக்கும் இடம் அது, புதிதாகச் சேர்ந்த நர்ஸ் நோயாளி முன்னால் கேட்கத் தயங்கும் கேள்வியைக் கேட்கும் இடமும் அதுதான். அதை மொத்தமாக எடுத்துவிட்டால் அந்தத் தேவை வேறு வழி தேடும், பெரும்பாலும் பழைய வழக்கத்தையே திரும்பக் கொண்டுவரும்.

உங்களிடம் என்ன அதிகாரம் இருக்கிறது

தலைமைப் பாணி பற்றித் தனியாக ஒரு பெரிய பகுதி எழுதி, மாற்றுருவாக்கத் தலைமை என்றால் இது, பரிவர்த்தனைத் தலைமை என்றால் அது என்று வரையறைகளை அடுக்க வேண்டாம். இங்கேயே, இந்த இரவு நர்ஸிடம் பேசும் இடத்திலேயே கொண்டுவாருங்கள். பிரெஞ்ச், ரேவன் இருவரும் 1959இல் பிரித்த அதிகார வகைகள் இதற்கு நன்றாக உதவும். பதவி தரும் அதிகாரம் உங்களிடம் இல்லை. வெகுமதி தரவும் தண்டிக்கவும் முடியாது. மிஞ்சுவது அறிவால் வருவதும், உங்கள் மேல் மற்றவர்களுக்கு இருக்கும் மதிப்பால் வருவதும். பத்து ஹேண்டோவர்களின் கணக்கு முதல் வகையைத் தரும். இரண்டாவது வகை இந்த வார்டில் உங்களைவிட அந்த இரவு நர்ஸிடம்தான் அதிகம், அதனால் இரண்டு பகுதித் திட்டத்தை வார்டு கூட்டத்தில் அவரையே சொல்லச் சொல்வது தலைமையில் நீங்கள் எடுக்கும் முடிவு. சிஸ்டரிடம் இருக்கும் பதவி அதிகாரத்தை எங்கே கேட்டு வாங்குகிறீர்கள் (உதாரணமாக, ரோஸ்டரில் பத்து நிமிடம் ஒதுக்க) என்பதையும் எழுதினால் பகுதி முழுமையாகிவிடும்.

நகர்த்துவது: ஒரு பே, இரண்டு வாரம்

28 படுக்கையிலும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். ஆறு படுக்கை உள்ள ஒரு பே, இரண்டு வாரம், விருப்பப்பட்டு வரும் நர்ஸ்கள். இதற்குள் திட்டமிடு, செய், ஆராய், திருத்து என்ற பி.டி.எஸ்.ஏ. சுழற்சியை வைக்கலாம், ஏனென்றால் லெவினின் நடுப்படி நகர்த்து என்று சொல்கிறதே தவிர தினமும் என்ன செய்வது என்று சொல்வதில்லை. அந்தக் குறையைச் சொல்லி, அதை நிரப்ப இந்தச் சுழற்சியைச் சேர்க்கிறேன் என்று எழுதுங்கள்.

என்ன பேசுவது என்பதற்கு எஸ்பார் வரிசை வார்டில் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரியும்: நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை. அதையே கையடக்க அட்டையாக்கி, கீழே ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும், நோயாளியிடம் கேட்பதற்கு: "இதில் ஏதாவது விட்டுவிட்டோமா?"

முதல் வாரத்தில் ஏதாவது தப்பாகும், அதை மறைக்காதீர்கள். இந்த மாற்றத்தில் பெரும்பாலும் தப்பாவது நேரம். நர்ஸ்கள் இருவர் சேர்ந்து பக்கத்தில் வந்து நிற்கும்போதுதான் நோயாளிக்குக் கழிவறை ஞாபகம் வரும், வலி மாத்திரை ஞாபகம் வரும், மகளுக்குப் போன் செய்தீர்களா என்று கேட்கத் தோன்றும். ஆறு படுக்கைக்கு 12 நிமிடம் என்று போட்ட கணக்கு 21 ஆகிறது. இங்கே "நர்ஸ்களுக்கு நேர மேலாண்மைப் பயிற்சி தேவை" என்று எழுதினால் காரணத்தைப் பார்க்கவில்லை என்று பொருள். எந்தப் படுக்கையில் எத்தனை நிமிடம், எதற்காக நின்றது என்று இரண்டு நாள் குறித்துப் பாருங்கள். தாமதத்தில் பெரும்பகுதி கழிவறையும் வலியும் என்று தெரிந்தால், ஹேண்டோவருக்கு அரை மணி நேரம் முன்பு அசிஸ்டென்ட் ஒருவர் பேயில் ஒரு சுற்று வந்து, கழிவறை, வலி, தண்ணீர் மூன்றையும் கேட்டுவிட்டால் போதும். இரண்டாம் வாரம் அது 14 நிமிடமாக இறங்குகிறது. முதல் ஐந்து நிமிடத்தைச் சேர்த்தாலும் பழைய 34 நிமிடத்துக்கு நன்றாகவே கீழே.

நேரம் பற்றிய பயம் 4இலிருந்து 2 ஆனது இந்த இடத்தில்தான், உங்கள் பேச்சால் இல்லை, அடுத்த பேயில் வேலை செய்பவர்கள் கண்ணால் பார்த்ததால். தடுக்கும் பக்கம் இப்போது 2, 2, 2. மொத்தம் 6, எதிரே பழைய 14 அப்படியே. யாரையும் கூடுதலாகத் தள்ளவில்லை.

எதை அளப்பது

"விழுதல்கள் குறையும்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஒரு பேயில் இரண்டு வாரத்தில் விழுதல் ஒன்றோ இரண்டோ இருக்கும், அது குறைந்தாலும் கூடினாலும் தற்செயலா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. மூன்று விதமான அளவை எடுங்கள். செயல்முறை: எத்தனை ஹேண்டோவர் உண்மையில் படுக்கைப் பக்கத்தில் நடந்தது. விளைவு: முன்பு வைத்த அதே பட்டியலின்படி எத்தனையில் தகவல் விடுபட்டது. மூன்றாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள், நாம் எதையாவது கெடுத்துவிட்டோமா என்று பார்க்கும் சமநிலை அளவு: போகிற நர்ஸ் எத்தனை மணிக்குக் கிளம்பினார், அந்தரங்கம் பற்றிப் புகார் வந்ததா, ஹேண்டோவர் நேரத்தில் அழைப்பு மணி எவ்வளவு நேரம் ஒலித்தது.

மறுபடி உறையவைப்பது

வரைவுகளில் மிக மெலிந்த பகுதி இதுதான், சொல் எண்ணிக்கை தீர்ந்துவிடும், "கொள்கையைப் புதுப்பித்து உறையவைக்கப்படும்" என்று ஒரு வரியோடு முடிந்துவிடும். வார்டில் எந்த வழக்கமும் கொள்கைக் கோப்பால் நிற்பதில்லை. ஆள் குறையும்போது மருத்துவமனையின் கூடுதல் ஊழியர் பட்டியலிலிருந்து வரும் பேங்க் நர்ஸும் ஏஜென்சி நர்ஸும் முதல் முறை வரும்போது கையில் கிடைக்கும் தாள் எப்படி இருக்கிறதோ அப்படித்தான் ஹேண்டோவர் நடக்கும். அதனால் அச்சிடும் ஹேண்டோவர் தாளின் வடிவத்தையே மாற்றுங்கள், வார்டு முழுக்க ஒரே பட்டியலாக இல்லாமல் பே வாரியாக. வார்டு முழுக்கப் பட்டியலாக இருக்கும்வரை ஆபீஸில் உட்கார்ந்து மேலிருந்து கீழே படிப்பதுதான் சுலபமாக இருக்கும். புதிதாகச் சேர்பவர்களின் முதல் வாரச் சரிபார்ப்புத் தாளில் ஒரு வரி, மாணவர்களுக்கு ஒரு வரி, இந்த வேலையைப் பார்த்துக்கொள்ள உங்களைத் தவிர இன்னும் இருவர், ஒருவர் இரவு ஷிப்டில்.

வழக்கம் நழுவுகிறதா என்று பார்க்க வேண்டிய நேரம் வார இறுதி இரவு. செவ்வாய் காலையில் சிஸ்டர் இருக்கும்போது எண்ணினால் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு முன்னால், ஆள் குறைவாக இருக்கும்போது, ஹேண்டோவர் நர்ஸ் ஸ்டேஷனைச் சுற்றி நின்றபடி நடக்கத் தொடங்கும், படுக்கைக்கும் போகாமல் ஆபீஸுக்கும் போகாமல். நழுவலின் முதல் அடையாளம் அதுதான். மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் எண்ணும் பத்து ஹேண்டோவர்களில் குறைந்தது நான்கு, வார இறுதி இரவுகளிலிருந்து இருக்கட்டும்.

லெவின் மீதான விமர்சனத்தையும் இங்கேயே வையுங்கள். உறையவைப்பது என்ற சொல்லே, இனி எதுவும் மாறாத அமைதியான வார்டைக் கற்பனை செய்கிறது, ஆனால் வார்டு மேனேஜர் மாறுவார், குளிர்காலத்தில் கூடுதல் படுக்கை போடுவார்கள், புது மின்னணு முறை வரும். எனவே முழுதாக உறையவைக்காமல், இரண்டு பகுதி அமைப்பையும் தாளின் வடிவத்தையும் மட்டும் கெட்டியாக்குகிறேன், நேரமும் வரிசையும் ஒவ்வொரு பேயும் தீர்மானிக்கட்டும் என்று எழுதினால், மாதிரியின் குறையை உங்கள் வார்டிலேயே காட்டியதாகும். "இது நேர்கோட்டு மாதிரி என்று விமர்சிக்கப்படுகிறது" என்ற வாக்கியம் தனியாக நின்றால் அதற்கு மதிப்பெண் அதிகம் கிடைக்காது.

சொற்களைப் பங்கிடுவது, அனுப்பும் முன் பார்ப்பது

3000 சொற்கள் என்றால் நான் சொல்லும் கணக்கு: முன்னுரை 200, பிரச்சினையும் ஆதாரமும் 500, மாதிரித் தேர்வு 350, விசைப்புலமும் மூன்று படிகளும் தலைமையும் சேர்ந்து 1450, அளவீடும் நிலைநிறுத்தலும் 350, முடிவுரை 150. விசைகளின் வரைபடத்தைப் பின்னிணைப்பில் போடலாம், ஆனால் முக்கியமான இரண்டு விசைகள் பற்றிய விவாதம் கட்டுரைக்குள்ளேயே இருக்க வேண்டும், பின்னிணைப்பை மதிப்பெண்ணுக்காகப் படிக்க மாட்டார்கள் என்று பல பல்கலைக்கழகங்கள் தெளிவாகவே சொல்லிவிடுகின்றன. "நான்" என்று எழுதலாமா என்பதைக் கேள்வித்தாளில் பாருங்கள், தலைமைப் பங்கைப் பற்றிக் கேட்டிருந்தால் பெரும்பாலும் அனுமதிப்பார்கள்.

கடைசியாக ரகசியம். நர்சிங் கவுன்சிலின் நடத்தைக் கோவைப்படி நோயாளியை மட்டுமல்ல, வார்டையும் மருத்துவமனையையும் அடையாளம் தெரியாமல் வைக்க வேண்டும் என்றே பல்கலைக்கழகங்கள் எதிர்பார்க்கின்றன. உரைக்குள் எல்லோரும் இதைக் கவனமாகச் செய்துவிடுவார்கள். மாட்டிக்கொள்வது மற்ற மூன்று இடங்களில்: மேற்கோள் பட்டியலில் மருத்துவமனையின் சொந்த ஹேண்டோவர் கொள்கையை அதன் முழுப் பெயரோடு போடுவது, பின்னிணைப்பில் ஒட்டிய ஹேண்டோவர் தாளின் மூலையில் இருக்கும் சின்னம், இரவு நர்ஸைப் பற்றி எழுதும்போது அவர் யார் என்று அந்த வார்டில் இருக்கும் எவருக்கும் தெரிந்துவிடும் அளவு விவரம். முதலாவதற்குப் பெயர் மறைக்கப்பட்டது என்று எழுதும் முறையை உங்கள் நூலகம் சொல்லித்தரும், இரண்டாவதற்குத் தாளை நீங்களே வெற்றாகத் தட்டச்சு செய்யுங்கள், மூன்றாவதற்கு அவருடைய வருடங்களையும் ஷிப்டையும் எடுத்துவிட்டு "அனுபவம் மிக்க ஒரு சக ஊழியர்" என்று மட்டும் எழுதுங்கள், முடிந்தால் அந்தப் பத்தியை அவரிடமே காட்டி, இப்படிப் போடலாமா என்று கேட்டுவிடுங்கள்.